அக்கா நீயும் அக்கானியும்: தானியங்கி சப்டைட்டிலைப் பத்தியாக்கும் வேலை

யூடியூப் தானாகவே எழுதிக்கொள்ளும் தமிழ் சப்டைட்டிலை இறக்கித் திறந்து பார்த்தால், அதில் முற்றுப்புள்ளியும் இருக்காது, யார் பேசுகிறார்கள் என்ற குறிப்பும் இருக்காது. திரையின் அகலத்துக்கு எங்கே மடங்கியதோ அங்கே வரி முறிந்திருக்கும். காணொளியைப் பார்த்துக்கொண்டே படிக்கிறவருக்கு அது போதும். குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும். ஒலி இல்லாமல் தாளில் படிக்கப் போகிறவருக்கு அது பயன்படாது. அதைப் பேசுபவர் பெயரோடும் நிறுத்தக்குறிகளோடும் கூடிய பத்திகளாக மாற்றும் வேலையைக் கொஞ்ச காலமாக நான் செய்து வருகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தின் திசையன்விளை, உவரிப் பக்கத்துப் பனங்காடுகளில் பனையேறிகளையும் அவர்கள் வீட்டாரையும் பேசவைத்துப் பதிவுசெய்யும் ஒரு தோழிக்காக இதைச் செய்கிறேன். இந்த வேலையில் சிக்கல் எங்கே வருகிறது என்பதை அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான ஒரே ஒரு துண்டை வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் கோப்பை இறக்குவது. அதற்கு `yt-dlp` என்ற கட்டளைவரி நிரலைப் பயன்படுத்துகிறேன்.

```
yt-dlp --list-subs URL
yt-dlp --skip-download --write-auto-subs --sub-langs "ta-orig" --sub-format vtt URL
```

முதல் வரி, என்னென்ன சப்டைட்டில்கள் கிடைக்கின்றன என்ற பட்டியலைக் காட்டும். அந்தப் பட்டியலில் `ta` என்று இருப்பதை உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச்சு வேறு மொழி என்று இயந்திரம் தவறாக முடிவுசெய்திருந்தால், அந்த மொழியில் தான் எழுதியதைத் தமிழில் மொழிபெயர்த்து `ta` என்ற பெயரில் தந்துவிடும். அது பார்வைக்கு ஒழுங்கான தமிழாகத் தோன்றும். பேசியவர் வாயில் வந்த சொல் ஒன்றுகூட அதில் இருக்காது. `ta-orig` என்பதுதான் கேட்டதைக் கேட்டபடி தமிழில் எழுதிய மூலம்.

இறக்கிய `.vtt` கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியும் மூன்று முறை வருவதைக் காணலாம். திரையில் எழுத்து கீழிருந்து மேலே உருண்டு போவதுபோலக் காட்டுவதற்காக, ஒவ்வொரு புதிய வரியோடும் பழைய வரியைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இடையில் நொடியில் நூறில் ஒரு பங்கே நீளும் ஒரு துண்டிலும் அதே வரி மீண்டும் வருகிறது. இதோ ஒரு பகுதி, கடைசி வரியின் பாதிவரை.

```
00:14:02.159 --> 00:14:05.269 align:start position:0%
பாளை<00:14:02.560><c> சீவி</c><00:14:03.040><c> எத்தனை</c>

00:14:05.269 --> 00:14:05.279 align:start position:0%
பாளை சீவி எத்தனை

00:14:05.279 --> 00:14:09.110 align:start position:0%
பாளை சீவி எத்தனை
நாள்<00:14:05.680><c> கழிச்சு</c>
```

இதைக் கையால் அழிக்கத் தொடங்கினால் பொழுது போய்விடும். கீழே உள்ள சிறிய பைத்தான் நிரல், கோண அடைப்புக்குள் இருக்கும் குறிகளை நீக்கி, கடைசியாக எழுதிய வரியும் புதிய வரியும் ஒன்றாக இருந்தால் புதியதை விட்டுவிடுகிறது.

```python
import re, sys
last = t = ""
for line in open(sys.argv[1], encoding="utf-8"):
    m = re.match(r"(\d\d:\d\d:\d\d)\.\d+ -->", line)
    if m:
        t = m.group(1)
        continue
    line = re.sub(r"<[^>]+>", "", line).strip()
    if t and line and line != last:
        print(t, line)
        last = line
```

நேரக்குறியை நான் நீக்குவதில்லை. மேலும் மேலும் ஒலியைத் திரும்பக் கேட்க வேண்டியிருப்பதால், எந்த வரி எந்த நொடியில் இருக்கிறது என்பது கடைசிவரை தேவைப்படும். இந்த நிரலுக்கு ஒரு குறை உண்டு. கேட்பவர் ஒரு முறை ‘ஆமா’ என்றும் பதில் சொல்பவர் மறுபடி ‘ஆமா’ என்றும் தனித்தனி வரியாகச் சொல்லியிருந்தால், இரண்டாவதை நகல் என்று எண்ணி விழுங்கிவிடும். நேரக்குறிகளுக்கு இடையே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி தெரிந்தால், அந்த இடத்தை ஒலியில் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் இயந்திரம் செய்யக்கூடிய வேலை. இதன் பிறகு என் கைக்கு வந்தது இது:

```
00:14:02 பாளை சீவி எத்தனை
00:14:05 நாள் கழிச்சு அக்கா நீ வரும் அது
00:14:09 பாளை பக்குவத்தை பொறுத்து தான் ஒரு
00:14:12 வாரம் ஆகும் காலையில இறக்கு தேன்
00:14:15 சாயந்திரமும் ஏறி சீவுவேன் சுண்ணாம்பு
00:14:18 யார் தடவுவா நான் தான் தடவி
00:14:20 கொடுப்பேன் இவங்க அதை மேல கொண்டு
00:14:23 போய் கட்டுவாங்க தடவாம விட்டா புளிச்சு
00:14:26 போகும் கள்ளா ஆயிடும் ஆமா போலீஸ்காரன்
00:14:29 வந்து என்ன வே கள் இறக்கு தீரான்னு
00:14:32 கேட்டான் இல்லையா அக்கா நீ தான்னு
00:14:35 சொன்னேன் குடிச்சு பாருங்கன்னேன்
```

பேசுபவர்கள் மூவர். பேட்டி எடுக்கும் தோழி, பனையேறும் அண்ணாச்சி, அவர் மனைவி. தோழி அவர்களை ‘அண்ணாச்சி’, ‘அக்கா’ என்றுதான் அழைப்பாள். மூவர் குரலும் ஒரே ஓட்டமாக, ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்கும் இடைவெளிகூட இல்லாமல் வரிகளில் படிந்திருக்கின்றன.

இந்த நிலையில் உடனே முற்றுப்புள்ளி வைக்கத் தொடங்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பேச்சுத்தமிழில் ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை, அதைச் சொன்னவர் யார் என்று தெரியாமல் தீர்மானிக்க முடியாத இடங்கள் நிறைய உண்டு. ‘யார் தடவுவா நான் தான் தடவி கொடுப்பேன்’ என்பதை ஒருவரே கேட்டு ஒருவரே பதில் சொல்லிக்கொண்டதாகவும் படிக்கலாம்; கதைசொல்லும் பழக்கம் உள்ளவர்கள் அப்படிப் பேசவும் செய்வார்கள். ஆகவே முதல் சுற்றில் நிறுத்தக்குறி எதையும் தொடாமல், ஒலியை முக்கால் வேகத்தில் ஓடவிட்டு, குரல் மாறும் இடத்தில் மட்டும் வரியை உடைத்து, பேசுபவர் பெயரின் முதல் எழுத்தை இடுவதே என் வழக்கம். அதை முடித்த பின்தான் அடுத்தது.

குரலை வைத்து ஆளைப் பிரிப்பது சுலபம் என்று தோன்றும். ஆண் குரலும் பெண் குரலும் என்றால் சுலபம்தான். இங்கே பெண் குரல்கள் இரண்டு. அக்கா பேசும்போது அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியின் ஓலைக்கூரையில் காற்று சரசரக்கிறது. அண்ணாச்சியோ சில இடங்களில் மனைவியின் பேச்சு முடியுமுன்னே ஆரம்பித்துவிடுகிறார். எழுத்தில் உதவி தேடினால் தமிழ் வினைமுற்று இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. ‘சொன்னான்’, ‘சொன்னாள்’ என்று படர்க்கையில் பால் தெரியும். ‘சொன்னேன்’ என்ற தன்மையில் தெரியாது. அண்ணாச்சி சொன்னாலும் அக்கா சொன்னாலும் அது ‘சொன்னேன்’தான். துண்டின் கடைசியில் போலீஸ்காரனுக்குப் பதில் சொன்னது கணவனா மனைவியா என்பதை வினையைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அந்தப் பதிலைச் சொன்னவர் யார் என்பது சிறிய விஷயமும் அல்ல. பனையிலிருந்து இறக்கும் சாறு, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. பெயர்க்குறிப்பு ஒரு வரி தவறி விழுந்தால், போலீஸ்காரன் கேட்ட கேள்வியைப் பேட்டி எடுத்தவள் கேட்டதாகவோ, ‘கள்ளா ஆயிடும்’ என்ற விளக்கத்தைத் தன் வேலையைப் பற்றிய ஒப்புதலாகவோ படிக்க இடமாகிவிடும்.

சிக்கல் எல்லாம் 00:14:26இல் இருக்கும் ‘ஆமா’வில் குவிந்திருக்கிறது. அதை அக்கா தம் பேச்சின் முடிவில் சொன்னார் என்றால், போலீஸ் கதையும் அவருடையதாகத் தொடரும். அண்ணாச்சி சொன்னார் என்றால், அந்தச் சொல்லோடு பேச்சு அவர் கைக்கு மாறுகிறது. ஒலியில் அந்த ‘ஆமா’ கம்மிப்போய், கூரைச் சத்தத்தில் பாதி அமுங்கியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில், நம் ஊர்ப் பேச்சில் யார் யாரை எப்படி விளிப்பார்கள் என்பது காதுக்குத் துணையாக வருகிறது. போலீஸ்காரன் ‘என்ன வே’ என்று தொடங்குகிறான். ‘வே’ என்பது திருநெல்வேலிச் சீமையில் ஆண், ஆணைப் பார்த்துச் சொல்வது. அதோடு ஒட்டி வரும் வினையும் ‘நீரு’க்கு உரிய ‘எறக்குதீரா’தான். ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டிருந்தால் ‘வே’ வந்திருக்காது. எனவே கேள்வி அண்ணாச்சியிடம் கேட்கப்பட்டது, பதிலும் அவருடையது, ‘ஆமா’விலிருந்து பேச்சு அவர் கையில். இப்படி ஓர் ஊகம் கிடைத்த பிறகு ஒலியைத் திரும்பக் கேட்டால், அடுத்த சொல்லான ‘போலீஸ்காரன்’ ஆண் குரலில் தெளிவாக இருப்பதும், இடையில் மூச்சு மாறாததும் கேட்கிறது. எழுத்தில் கிடைத்த சான்றை மட்டும் நம்பி நான் பெயர் இடுவதில்லை. எங்கே கவனித்துக் கேட்க வேண்டும் என்பதை அது சொல்லித்தருகிறது, அவ்வளவே.

அதே முறையில் ‘இவங்க அதை மேல கொண்டு போய் கட்டுவாங்க’ என்பதும் பயன்பட்டது. பக்கத்தில் இருக்கும் ஒருவரை ‘இவுக’ என்று மரியாதைப் பன்மையில் சுட்டுவது இந்த மூவரில் கணவனைச் சுட்டும் மனைவிதான். இயந்திரம் ‘இவுக’ என்பதை ‘இவங்க’ என்றும், ‘கட்டுவாக’ என்பதைக் ‘கட்டுவாங்க’ என்றும் திருத்திக்கொண்டு எழுதியிருக்கிறது. பொதுத் தமிழுக்குப் பழகிய அதன் காது வட்டாரப் பேச்சை அடிக்கடி இப்படி மழித்துவிடும்.

மழிப்பதைவிட மோசமானது வெட்டுவது. நெல்லைப் பேச்சில் நிகழ்காலம் ‘சொல்லுதேன்’, ‘எறக்குதேன்’ என்று வரும். ‘எறக்குதேன்’ என்பதை ‘இறக்கு தேன்’ என்று அது இரண்டாக வெட்டிவிட்டது. வேறு எதைப் பற்றிய பேச்சாக இருந்தாலும் படிப்பவர் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்வார். மரத்திலிருந்து இனிப்பான ஒன்றை இறக்குவதைப் பற்றிய பேச்சில் ‘தேன்’ கனகச்சிதமாகப் பொருந்திப்போகிறது. விஷயம் தெரியாதவர் பனங்காட்டில் தேனும் எடுப்பார்கள்போல என்று எண்ணிக்கொள்வார். பொருள் பொருந்தாத பிழையைக் கண் பிடித்துவிடும். பொருள் பொருந்தும் பிழையைக் காதுதான் பிடிக்க வேண்டும்.

‘அக்கா நீ’யும் அந்த வகையே. பதநீரைத் தென்மாவட்டங்களில் ‘அக்கானி’ என்பார்கள். கேட்கிற கூட்டத்தில் ஓர் அக்காவும் இருப்பதால், ‘அக்கா நீ வரும்’ என்பதைப் படிக்கும்போது அங்கே ஏதோ ஒரு விளி இருப்பதாகத் தோன்றி, குரல் அங்கே மாறுவதாகவும் நினைக்கச் செய்யும். கோப்பு முழுவதும் இந்தப் பிழை இருப்பதைக் கண்டவுடன் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமே என்ற ஆசை எழும். அதே பதிவில் தோழி அக்காவைப் பார்த்து ‘அக்கா நீங்க எப்போ காய்ச்ச ஆரம்பிப்பீங்க’ என்று கேட்கிறாள். கண்மூடித்தனமாக மாற்றினால் அது ‘அக்கானிங்க எப்போ’ என்றாகிவிடும். சொல்லெல்லையைக் குறிக்கும் `\b` உதவும் என்று நினைக்க வேண்டாம். பைத்தானின் `re` தொகுதி, தமிழின் உயிர்மெய்க் குறிகளை எழுத்தாகவே எண்ணாததால், ‘நீ’க்குள்ளேயே ந-வுக்கும் ஈகாரக் குறிக்கும் நடுவில் ஓர் எல்லை இருப்பதாகக் கொள்ளும். பின்னால் வெற்றிடமோ வரிமுடிவோ வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

```python
re.sub(r"அக்கா நீ(?=\s|$)", "அக்கானி", text)
```

இதன் பிறகும் ‘அக்கா நீய காய்ச்சி’ போன்ற வேற்றுமை உருபு ஏறிய வடிவங்கள் மிஞ்சும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுகிறேன். இதற்காகவே, ஒவ்வொரு பதிவையும் தொடங்குமுன் அந்தத் தொழிலின் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பதிவுக்கு அது பாளை, கடிப்பு, கலயம், தளைநார், விடிலி, கூப்பனி, சிரட்டை என்று நீண்டது. ‘கடிப்பு’ என்பது பாளையை இடுக்கி நசுக்கும் மரக்கருவி. இயந்திரம் அதை எங்கும் ‘கடுப்பு’ என்றே எழுதியிருந்தது.

பெயர்கள் உறுதியான பிறகு நிறுத்தக்குறிகள். இதில் வினாக்குறி ஒரு தனிப் பொறி. ‘-ஆ’ என்று முடியும் சொல்லைத் தேடி வினாக்குறி இடுவது அனுபவம் இல்லாதவர்கள் பிடிக்கும் குறுக்குவழி. ‘கள்ளா ஆயிடும்’ என்பதில் இருப்பது வினா அன்று, ‘கள்ளாக’ என்பதன் தேய்வு. மாறாக, ‘பாளை சீவி எத்தனை நாள் கழிச்சு அக்கானி வரும்’ என்ற கேள்வியில் கடைசிச் சொல்லில் எந்த வினாக்குறிப்பும் இல்லை. ‘தடவாம விட்டா’ என்பதிலும் ‘-ஆ’ உண்டு, அது ‘விட்டால்’. ஆக இந்தச் சின்னத் துண்டிலேயே குறைந்தது மூன்று விதமான ‘-ஆ’ வருகின்றன: கள்ளா, விட்டா, எறக்குதீரா. அவற்றில் ஒன்றுதான் வினா. அதுவும் இன்னொருவர் சொன்னதை எடுத்துச் சொல்வதற்குள் அடங்கியது.

அந்த எடுத்துச்சொல்லல்தான் நிறுத்தக்குறி வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம்மவர்கள் கதை சொல்லும்போது எதிராளியின் பேச்சை அவர் குரலிலேயே சொல்லி, கடைசியில் ஒரு ‘ன்னு’ போட்டு மூடுவார்கள். மூடுவது தெளிவாகத் தெரியும்; திறப்பது தெரியாது. ‘வந்து என்ன வே’ என்பதில் ‘வந்து’ அண்ணாச்சியின் சொல், ‘என்ன வே’ போலீஸ்காரனின் சொல். ‘ன்னு’ என்ற இடத்திலிருந்து பின்னோக்கி நடந்து, விளிச்சொல்லோ முன்னிலை வினையோ தொடங்கும் இடத்தில் மேற்கோள்குறியைத் திறக்க வேண்டும். போலீஸ்காரனுக்குத் தனிப் பெயர்க்குறிப்பு கொடுத்துப் புதிய வரியில் எழுதுவது தவறு. அவன் அந்த இடத்தில் இல்லை, அண்ணாச்சியின் வாயில்தான் இருக்கிறான். ‘ன்னு’வை ‘என்று’ எனத் திருத்தவும் கூடாது. மேற்கோள்குறியை மூடி, அதை ஒட்டியே ‘ன்னு’ என்று எழுதிவிடுகிறேன். பார்க்கக் கொஞ்சம் விநோதமாக இருந்தாலும் படிப்பவர் ஒரு நிமிடத்தில் பழகிக்கொள்கிறார். இந்தத் துண்டில் இன்னொன்று: ‘இல்லையா’ என்று இயந்திரம் எழுதியது, ‘இல்லை, ஐயா’ என்பது ஒட்டி வந்த ‘இல்லைய்யா’. ஒற்று ஒன்று போனால் மறுப்பு கேள்வியாகிவிடுகிறது.

எல்லாம் முடிந்து அந்தத் துண்டு இப்படி நின்றது:

பேட்டியாளர்: பாளை சீவி எத்தனை நாள் கழிச்சு அக்கானி வரும்?

பனையேறி: அது பாளைப் பக்குவத்தைப் பொறுத்துதான். ஒரு வாரம் ஆகும். காலையில எறக்குதேன். சாயந்தரமும் ஏறிச் சீவுவேன்.

பேட்டியாளர்: சுண்ணாம்பு யாரு தடவுவா?

மனைவி: நான்தான் தடவிக் கொடுப்பேன். இவுக அதை மேல கொண்டுபோய்க் கட்டுவாக. தடவாம விட்டா புளிச்சுப் போகும், கள்ளா ஆயிடும்.

பனையேறி: ஆமா. போலீஸ்காரன் வந்து, “என்னவே, கள் எறக்குதீரா”ன்னு கேட்டான். “இல்லைய்யா, அக்கானிதான்”னு சொன்னேன். “குடிச்சுப் பாருங்க”ன்னேன்.

இங்கே ‘பனையேறி’, ‘மனைவி’ என்று இட்டிருப்பது அவர்கள் பெயரை வெளியிடாமல் இருப்பதற்காக. தோழியின் கோப்பில் இருவருக்கும் அவரவர் பெயர்தான். அங்கே ‘மனைவி’ என்று இடுவதை நான் ஏற்கவில்லை. கருப்பட்டி காய்ச்சும் பகுதி முழுவதும் பேசுவது அவர்தான், அங்கே அண்ணாச்சி ‘ம்’ கொட்டுவதோடு சரி. அந்த ‘ம்’களில் பெரும்பாலானவற்றை நான் எழுதுவதில்லை. கேள்விக்குப் பதிலாக வரும் ‘ம்’மையும் ‘ஆமா’வையும் மட்டும் தனி வரியில் வைக்கிறேன், ஒருவர் பேசிக்கொண்டே இருக்கையில் மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அடையாளமாகப் போடுவதை விட்டுவிடுகிறேன். அவற்றையும் எழுதினால் கருப்பட்டி காய்ச்சுவதைப் பற்றிய ஒரே நீண்ட பேச்சு இருபது துண்டாகிவிடும்.

அந்த நீண்ட பேச்சைப் பத்தி பிரிப்பது தனி வேலை. சப்டைட்டில் வரி எங்கே மடங்கியது, எங்கே மூச்சு வாங்கினார் என்பதை வைத்துப் பிரிக்கக் கூடாது. அடுப்பு மூட்டுவது, பொங்கிவரும்போது அடக்குவது, பதம் பார்ப்பது, சிரட்டையில் ஊற்றுவது என்று காரியம் மாறும் இடத்தில் புதிய பத்தி தொடங்கி, அதன் தலையில் நேரக்குறியை இடுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் நேரக்குறி இருந்தால் படிக்க முடியாது. ஒன்றுமே இல்லாவிட்டால் சந்தேகம் வரும்போது ஒலிக்குத் திரும்ப வழியில்லை.

எவ்வளவு கேட்டும் பிடிபடாத இடங்கள் எஞ்சும். அங்கே பொருந்துவதுபோல ஒரு சொல்லை நானாக இட்டு நிரப்புவதில்லை. `[தெளிவில்லை 00:21:40]` என்று எழுதி விடுகிறேன். அந்த இடத்தில் இயந்திரம் ‘கூப்பிடு நீ’ என்று எழுதியிருந்தது. சொல்லட்டவணையில் ‘கூப்பனி’ இருந்ததால் அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றினாலும் அதை இடவில்லை. தோழி அடுத்த முறை போனபோது அந்த மூன்று நொடியை அக்காவிடம் போட்டுக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, கருப்பட்டிப் பதத்துக்கு முந்தின பாகுதான் அது, கூப்பனி என்றுதான் சொன்னேன் என்றார். அதன் பிறகே அடைப்பை எடுத்தேன். 00:26:10இல் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் பேசும் இன்னொரு இடம் இருக்கிறது. அதை இருவருமே கேட்டுப் பார்த்து, ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். அந்த அடைப்பு கோப்பில் அப்படியே இருக்கிறது.